ஃபூர்னியே அழுகல் பிறந்த கதை

1883இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஆல்ஃபிரட் ஃபூர்னியே, ஐந்து இளைஞர்களின் நோயை விவரித்தார். நல்ல திடகாத்திரமானவர்கள். திடீரென்று பிறப்புறுப்பு சிவந்து வீங்கி, மளமளவென்று அழுகியது. காரணம் பிடிபடவில்லை என்றார். 1764லேயே போரியன் என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனாலும் பெயர் ஃபூர்னியேவுக்கே போனது.

அவர் சொன்னதில் வேகம் மட்டும்தான் இன்று மாறாமல் நிற்கிறது. இப்போது இந்த நோய் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு வருகிறது. ஆசனவாய் ஓரத்துச் சீழ்க்கட்டி, மூத்திரக்குழாய் அடைப்பு, மழித்தபோது பட்ட கீறல் என்று தேடினால் காரணமும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடச் சர்க்கரை. காலையில் விதைப்பையில் கடுகடுப்பு, லேசான சிவப்பு. சூடு என்று நினைத்து, வெட்கத்தில் வீட்டிலும் சொல்லவில்லை. அக்கியாக இருக்குமோ என்று காவி பூசினார். சாயங்காலம் குளிர் காய்ச்சல் வந்தது. சிவப்பு தொடை இடுக்குக்கு ஏறிவிட்டது. பார்வைக்குத் தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு. காவி பூசியதில் சிவப்பின் எல்லையும் மறைந்துபோனது. டாக்டர்கள் பேனாவால் கோடு போட்டுவைத்துப் பார்ப்பது அந்த எல்லையைத்தான்; கொஞ்ச நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் விஷயம் மோசம்.

உள்ளே நடப்பது இது. பலவகைக் கிருமிகள் ஒன்றுசேர்ந்து, தோலுக்கு அடியிலுள்ள சவ்வு வழியே பரவுகின்றன. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு, ரத்தம் கிடைக்காத சதை சாகிறது. செத்த சதைக்கு ரத்தத்தோடு போக வேண்டிய மருந்தும் போகாது. அதனால் ஊசி மட்டும் போதாது. அழுகியதை அறுத்து எடுத்தே ஆக வேண்டும், பலருக்கு ஒரு தடவைக்கு மேல். விரைகளுக்கு ரத்தம் வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து தனியாக வருவதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். தோலை அழுத்தினால் நறநறப்பதும், கறுப்புத் திட்டும், நாற்றமும் பிந்திய அடையாளங்கள். அவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை கிடைத்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிற நோய் இது.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளோடும் அபூர்வமாக இது வருவதாக அமெரிக்க மருந்து ஆணையம் 2018இல் எச்சரித்தது. பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம். இப்படி அறிகுறி வந்தால் மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு அந்த இடத்தில் சிவப்பும் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். களிம்பு தடவிப் பார்க்காமல் 108ஐக் கூப்பிட்டு, அறுவை அரங்கு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றிரவே போய்விடுங்கள்.