ஐந்து கொடிகளும் ஒரு விலையும்

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார். "ஏன் சார், தங்கத்தின் விலையை லண்டனில் ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்களாமே, நிஜமா?" ஒரு காலத்தில் நிஜம்தான் என்றேன். நம் ஊர் நகைக்கடைப் பலகையில் எழுதும் விலையில் ரூபாயின் மதிப்பு, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்துவிடுகிறது. அது வேறு கணக்கு. ஆனால் லண்டனில் வேலை நாட்களில் காலை 10.30 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஒரு விலை முடிவாகிறது. நம் நேரப்படி குளிர்காலத்தில் மாலை 4 மணி, இரவு 8.30 மணி. நடந்துகொண்டே சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்த சமயம். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தங்கம் லண்டனுக்குக் கப்பலில் வந்து, சுத்திகரிக்கப்பட்டு விற்பனையாகும். பவுண்டின் மதிப்பு சரிந்திருந்ததால் பழைய நாணயச்சாலை விலைக்கு விற்கச் சுரங்கக்காரர்களுக்கு மனமில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படியான சந்தை விலை ஒன்று வேண்டியிருந்தது. 1919 செப்டம்பர் 12ஆம் தேதி ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து முதல் விலையை முடிவு செய்தன: ஓர் அவுன்ஸ் 4 பவுண்டு 18 ஷில்லிங் 9 பென்ஸ். இந்த அவுன்ஸ் சுமார் 31.1 கிராம், நம் கணக்கில் நாலு சவரனுக்குச் சற்றுக் குறைவு. முதல் சில நாட்கள் தொலைபேசியிலேயே பேசினார்கள். பிறகு ராத்சைல்ட் வங்கியின் அலுவலகத்தில் தினமும் கூட ஆரம்பித்தார்கள்.

கூட்டம் நடந்த விதம் சுவாரஸ்யமானது. ராத்சைல்டின் ஆள்தான் தலைவர். அவர் ஒரு விலையைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசி, இந்த விலையில் வாங்குவோமா விற்போமா, எத்தனை கட்டி என்று சொல்வார்கள். ஒரு கட்டி சுமார் 400 அவுன்ஸ், அதாவது பன்னிரண்டரை கிலோ. வாங்குகிறவர்கள் அதிகமானால் தலைவர் விலையை ஏற்றுவார். விற்கிறவர்கள் அதிகமானால் இறக்குவார். ஒவ்வொருவர் முன்னும் மேஜை மேல் சின்ன பிரிட்டிஷ் கொடி ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டுமானால் கொடியை உயர்த்த வேண்டும். ஒரே ஒரு கொடி உயர்ந்திருந்தாலும் தலைவர் விலையை அறிவிக்கக் கூடாது. வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போன பிறகுதான் விலை முடிந்தது என்பார்.

1968 வரை ஒரு நாளைக்கு ஒரு விலைதான். அந்த வருஷ மார்ச் மாதத்தில் நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாத்தியாருக்கு பாரிஸ் பத்திரிகைகள் வாரக்கணக்கில் தாமதமாக வந்து சேரும். அதைப் படித்துவிட்டு டாலரின் கதை முடிந்தது என்று மேஜையைத் தட்டுவார். தெகோலின் ரசிகர், வேறெப்படிப் பேசுவார்! விஷயம் இதுதான். அவுன்ஸ் 35 டாலர் என்ற விலையைக் காப்பாற்ற அமெரிக்காவும் சில ஐரோப்பிய நாடுகளும் லண்டன் சந்தையில் கூட்டாகத் தங்கத்தை விற்றுவந்தன. பிரான்ஸ் 1967லேயே விலகிக்கொண்டது. 1968 மார்ச்சில் உலகமே தங்கம் வாங்க மொய்த்தது. மற்றவர்களாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மார்ச் 15 அன்று லண்டன் சந்தையை மூடினார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி திறந்தபோது இரண்டு மாற்றங்கள் வந்தன. விலையைப் பவுண்டுக்குப் பதில் டாலரில் சொன்னார்கள். நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும் நேரத்தை ஒட்டி, பிற்பகல் 3 மணிக்கு இரண்டாவது விலையையும் சேர்த்தார்கள்.

சரி, நாள் முழுவதும் விலை ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஒரு எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? சாதாரணமாக வியாபாரியிடம் போனால் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை. நடுவில் உள்ள வித்தியாசம் அவருக்கு. இந்தக் கூட்டத்தில் இருவருக்கும் ஒரே விலை. பெரிய அளவு தங்கமும் ஒரே நேரத்தில் கைமாறும். அதனால் சுரங்கக்காரரும் சுத்திகரிப்பு ஆலையும் ஒப்பந்தம் எழுதும்போது, இன்ன தேதி லண்டன் பிற்பகல் விலை என்று எழுதிவிட்டால் போதும், பிற்பாடு சண்டை வராது. தங்க நிதிகள் தங்கள் இருப்பை மதிப்பிடுவதும் இதை வைத்துத்தான்.

ஆனால் ஒரு எண்ணை நம்பி இத்தனை ஒப்பந்தங்கள் இருந்தால், அந்த எண்ணைச் சற்றே நகர்த்துவதிலும் ஒருவருக்கு லாபம் இருக்கும். 2004இல் ராத்சைல்ட் விலகிக்கொண்டது. அறையும் மேஜையும் போய், ஐந்து வங்கிகள் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் முறை வந்தது. 2012 ஜூன் 28 அன்று நடந்ததைக் கேளுங்கள்.

பார்க்லேஸ் வங்கியோடு ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தம் போட்டிருந்தார். அன்று பிற்பகல் விலை 1,558.96 டாலருக்கு மேல் போனால் வங்கி அவருக்கு 39 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும், போகாவிட்டால் ஒன்றுமில்லை. அன்றைய கூட்டத்தில் விலை முதலில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கி, பிறகு வாங்குகிறவர்கள் கூடவே மெல்ல ஏற ஆரம்பித்தது. கோட்டைத் தாண்டிவிடும் போலிருந்தது. அந்த ஒப்பந்தத்தைக் கவனித்துவந்த வங்கியின் வியாபாரி, கூட்டம் நடக்கும்போதே பெரிய விற்பனை ஆர்டர் ஒன்றை உள்ளே தள்ளினார். குறைந்தது 40,000 அவுன்ஸ், அதாவது நூறு கட்டி. விலை 1,558.50 டாலரில் நின்றது. நாற்பத்தாறு சென்ட் வித்தியாசத்தில் 39 லட்சம் போயிற்று!

வாடிக்கையாளர் சும்மா இருக்கவில்லை. விலை நின்ற இடத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டார். அதிலிருந்து நூல் பிடித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. 2014 மே மாதம் பிரிட்டிஷ் கண்காணிப்பு அமைப்பு வங்கிக்கு 2.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்த வியாபாரிக்கும் அபராதம், தொழில் செய்யத் தடை. வாடிக்கையாளருக்கு வங்கி முழுப் பணத்தையும் கொடுத்தது. அரசு அலுவலகத்தில் டெண்டர் உறை பிரித்துப் பழகிய எனக்கு ஒன்றுதான் ஆச்சரியம்: டெண்டர் போட்டவரையே உறை பிரிக்கும் மேஜையிலும் உட்கார வைத்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்களே!

2015 மார்ச் 20 முதல் முறை மாறியது. இப்போது கணினி வழி ஏலம். வங்கிகளுக்கு வெளியே உள்ள நிர்வாக அமைப்பு ஒன்று நடத்துகிறது. கலந்துகொள்கிறவர்களின் எண்ணிக்கையும் கூடியது. ஒரு சுற்று 30 விநாடி. ஒரு கற்பனைக் கணக்காகப் பார்ப்போம். ஆரம்ப விலை 2,400 டாலர். முதல் சுற்றில் வாங்க 1,20,000 அவுன்ஸ், விற்க 85,000 அவுன்ஸ் வருகிறது. வித்தியாசம் 35,000. அனுமதித்த வித்தியாசம் 10,000 அவுன்ஸ்தான். ஆகவே விலையை 2,401 ஆக்கி அடுத்த சுற்று. விலை ஏறியதும் வாங்குகிறவர் சிலர் பின்வாங்க, விற்கிறவர் சிலர் சேர்கிறார்கள்: வாங்க 98,000, விற்க 93,000. வித்தியாசம் 5,000, வரம்புக்குள் வந்துவிட்டது. விலை 2,401 என்று முடிந்தது. மீதி 5,000 அவுன்ஸைக் கலந்துகொண்டவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் எவ்வளவு வந்தது என்பது பதிவாகிவிடுகிறது. கடைசிச் சுற்றில் ஒரு பெரிய ஆர்டர் திடீரென்று குதித்தால் பிறகு பார்க்கிறவர் கண்ணில் படும்.

பெரும்பாலும் சில நிமிஷங்களில் ஏலம் முடிந்துவிடும். அடுத்த கணமே சந்தை விலை வேறு பக்கம் நகர்ந்திருக்கலாம்; ஆனால் அன்றைய ஒப்பந்தங்களுக்கு அந்த எண்தான். நாளை நடையில் நண்பரிடம் ஐந்து பேர் கணக்கு பழசு, அந்தக் கொடிகள் இப்போது இல்லை என்று சொல்ல வேண்டும்.