விகடகவியும் பபூனும்

தெனாலிராமன் கதைகளையும் பீர்பால் கதைகளையும் நாம் இளமையிலேயே கேட்டுப் பழகியவர்கள். அரசனை அவன் அவையிலேயே எள்ளி நகையாடிப் பரிசும் பெற்றுச் செல்லும் விகடகவியை நாம் விரும்புகிறோம். ஆயினும் வரலாற்றுப் பீர்பால் அக்பரின் அமைச்சர். 1586-இல் வடமேற்கு மலைப்பகுதியில் யூசுப்சாயிகளோடு நடந்த போரில் மாண்டவர். தெனாலி இராமகிருஷ்ணரோ தெலுங்கில் காவியம் இயற்றிய புலவர். அவர்கள்மீது ஏற்றப்பட்ட குறும்புகளிற் பெரும்பகுதி பிற்கால மக்களின் கற்பனையே. மன்னனை ஏசும் உரிமையை மக்கள் கதையில் எடுத்துக்கொண்டார்கள் எனலாம்.

ஏசுவதற்கு மெய்யாகவே உரிமை பெற்ற ஒருவனைக் காண வேண்டுமானால், திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே விரிந்து கிடக்கும் சமவெளிச் சிற்றூர்களின் திருவிழா மேடைக்குச் செல்ல வேண்டும். மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் வழங்கும் ‘ஸ்பெஷல் நாடக’த்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர், ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுபவர்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ போன்ற கதைகள் அனைவருக்கும் மனப்பாடம். கதை தொடங்குமுன் முதலில் மேடையேறுபவன் பபூன்.

அவன் பேசும் முறையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். முதலில் சபைக்கு வணக்கம். பின்னர்த் தன்னையே தாழ்த்திக்கொள்ளும் பேச்சு. அடுத்து, வரும் வழியில் வேறோர் ஊரில் கண்டதாக ஒரு கதை. அதையும் கூட்டத்தை நோக்கிச் சொல்வதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மிருதங்கக்காரரிடம் சொல்கிறான். அவரும் ‘ஆமாம்’ போடுகிறார். இருவர் பேச்சைச் சபை ஒட்டுக் கேட்கிறது, அவ்வளவுதான்! பெண்கள் முன் சொல்லத் தகாததும், பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல இயலாததும் இவ்வழியாகவே வெளிவருகின்றன. யாரைச் சொன்னான் என்று சினந்து எழுபவர், அது தம்மைத்தான் என்று தாமே ஒப்புக்கொண்டவராகிவிடுவார்.

இந்தக் காப்பு ராஜபார்ட் நடிகருக்கு இல்லை. விசுவநாத தாஸ் (1886–1940) அதே ‘வள்ளி திருமணம்’ மேடையில், தினைப்புனத்துப் பறவையோட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கைச் சாக்காக வைத்து வெள்ளையரைச் சாடிப் பாடினார். உவமை மறைவானதே, ஆயினும் அவர் நகைப்புக்காகப் பாடவில்லை என்பதை அரசு அறிந்திருந்தது. பன்முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார்.

பபூனின் உரிமைக்கும் எல்லை உண்டு. அது அந்த மேடைக்கும் அந்த இரவுக்கும் மட்டுமே உரியது. விடிந்து அரிதாரத்தைக் கலைத்தபின் அவன் வெறும் ‘கூத்தாடி’. நம் மொழியில் அச்சொல்லே ஒரு வசை.