தேமாவின் அகாப்பே

பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்கள் இந்தப் பிரசங்கத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொற்கள். எரோஸ் காதலர்களுடையது, ஃபிலியா நண்பர்களுடையது, அகாப்பே மட்டும் தேவனுடையது, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காதது. வாலிபர் கூட்டத்தில் காதலில் விழுந்த பையனை மடக்க இதைவிட வசதியான பட்டியல் கிடையாது. “தம்பி, உன்னோடது அகாப்பே இல்லப்பா.” முடிஞ்சது கதை.

இதற்கு வழக்கமான சாட்சி யோவான் 21. உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு கேள்விகளில் வருவது அகாப்பேயின் வினைச்சொல். பேதுருவோ மூன்று முறையும் ஃபிலியாவின் வினைச்சொல்லிலேயே பதில் சொல்கிறான். மூன்றாவது கேள்வியில் இயேசுவும் அவன் சொல்லுக்கே வந்துவிடுகிறார். ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பதிப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் (ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வந்தது) ‘அன்பாயிருத்தல்’, ‘நேசித்தல்’ என்று வேறுபாடு அப்படியே நிற்கிறது. கிரேக்கம் தெரியாத பாட்டிகூட விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

வேறுபாடு இருக்கிறது, சரி. அதற்கு அர்த்தம் இருக்கிறதா? 1600 வருடங்களுக்கு முன்பே அகுஸ்தீன் இதே இடத்தை வைத்துத்தான் வாதாடினார். அவர் படித்த லத்தீனிலும் இங்கே இரண்டு சொற்கள்: ‘திலெக்சியோ’, ‘அமோர்’. முதலாவது நல்ல அன்பு, இரண்டாவது கெட்டது என்று அன்றும் சிலர் பிரித்தார்கள். ‘கடவுளின் நகரம்’ நூலின் 14-ஆம் பகுதியில் அவர் அதை மறுக்கிறார். மூன்றாம் முறை இயேசுவே அமோரின் வினைச்சொல்லால் கேட்கிறாரே, அது எப்படிக் கெட்டதாகும்? நேசிக்கிறவனின் மனம் நேராக இருந்தால் அன்பு நல்லது, கோணினால் கெட்டது. சொல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் மேடையில் கேட்கிற பட்டியல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டிலிருந்து. சுவீடனின் லுத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரன் 1930-களில் எரோஸையும் அகாப்பேயையும் எதிரெதிராக நிறுத்தி ஒரு பெரிய நூல் எழுதினார். எரோஸ் தன் நிறைவைத் தேடி மேலே ஏறுகிற மனித அன்பு. அகாப்பே காரணம் எதுவுமில்லாமல் கீழே இறங்கி வருகிற தேவ அன்பு. இரண்டையும் கலந்துவிட்டார் என்று அகுஸ்தீன் மீதே அவருக்குக் குறை. கருத்தாக இது அழகானதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் புதிய ஏற்பாட்டில் எரோஸ் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இல்லாத சொல்லோடு அங்கே என்ன சண்டை?

தேமாவைப் பாருங்கள். பவுலின் கூட்டாளி, அவரைச் சிறையில் விட்டுவிட்டு தெசலோனிக்கேவுக்குப் போனவன். ஏன் போனான்? இந்த உலகத்தின் மேலிருந்த பற்றினால் என்கிறது 2 தீமோத்தேயு 4:10. கிரேக்கத்தில் அந்தப் பற்றுக்கு வருவதும் அகாப்பேயின் வினைச்சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே அன்பு என்று எழுதவில்லை. ‘ஆசை’ என்று போட்டார்கள்.