புன்னட் கட்டம்: 3:1 விகிதத்தைச் சரிபார்த்தல்

புன்னட் கட்டம் என்பது பெற்றோரின் பாலணுக்கள் இணையக்கூடிய வழிகளைச் சதுரக் கட்டங்களில் காட்டும் வரைபடம் ஆகும். Rr × Rr என்னும் கலப்பில் RR, Rr, Rr, rr என நான்கு கட்டங்கள் நிரம்பும். R ஓங்கு பண்பாதலால் தோற்ற விகிதம் 3:1 ஆகிறது.

இவ்விகிதம் நிகழ்தகவு மட்டுமே. எண்ணிப் பெற்ற தரவு இதனுடன் பொருந்துகிறதா என்பதைக் கை-வர்க்கச் சோதனையால் அறியலாம். 1866 இல் கிரிகோர் மெண்டல் வெளியிட்ட கட்டுரையின்படி, 253 கலப்பினப் பட்டாணிச் செடிகள் 7324 விதைகளைத் தந்தன. அவற்றுள் 5474 உருண்டையானவை, 1850 சுருங்கியவை. 3:1 எனில் 5493, 1831 இருக்கவேண்டும்; வேறுபாடு 19.

χ² = 19²/5493 + 19²/1831 ≈ 0.26

இரு வகைகள் மட்டும் உள்ளபோது 5% மட்டத்திற்கான வரம்பு 3.84. எனவே தரவு விகிதத்துடன் முரண்படவில்லை.

ஆனால் அதே சோதனையில் ஒரு செடி 43 உருண்டை விதைகளையும் 2 சுருங்கிய விதைகளையும் மட்டுமே தந்தது. இதைத் தனியே கணித்தால் χ² சுமார் 10.1 ஆகும். இதனால் விகிதம் பிழையாகிவிடாது. 253 செடிகளுள் மிகவும் விலகியதாக மெண்டலே எடுத்துக்காட்டிய செடி இது. இத்தனை செடிகளில் ஏறத்தாழ 12 செடிகள் தற்செயலாகவே வரம்பைத் தாண்டக்கூடும்.

3:1 பொருந்தினாலும் உருண்டை விதைகளுள் RR எவை, Rr எவை என்பது தெரியாது. அதற்கு அவற்றை விதைத்துத் தன்மகரந்தச் சேர்க்கை செய்யவேண்டும். மெண்டல் அவ்வாறு வளர்த்த 565 செடிகளுள் 193 உருண்டை விதைகளை மட்டும் தந்தன. 372 இருவகையும் தந்தன. கட்டத்தின்படி எதிர்பார்க்கப்படுவது 1:2.