டீக்கடையில் க்யூஆர் அட்டை: புதுமை பரவும் விதம்

புதிய பொருளோ பழக்கமோ ஒரு சமூகத்தில் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ். 1962இல் வெளியான அவரது நூல், ஒருவர் புதுமையை ஏற்பதை ஐந்து விஷயங்கள் தீர்மானிப்பதாகச் சொல்கிறது. பழையதைவிட அதில் ஆதாயம் உண்டா? நம் நடைமுறைக்குப் பொருந்துமா? கையாள எளிதா? சிறிதளவில் சோதித்துப் பார்க்க முடியுமா? பலன் கண்ணுக்குத் தெரிகிறதா?

நம் ஊர் டீக்கடை ஒன்றை வைத்து இதைப் பார்ப்போம். 2016இல் யுபிஐ அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டதும், சில்லறை இல்லாத நெருக்கடியில் பல கடைகள் செயலிகளுக்கு மாறின. நோட்டுகள் திரும்பியதும் சிலர் கைவிட்டனர். ஏற்றபின் விட்டுவிடுவதும் ரோஜர்ஸ் குறிப்பிட்ட ஒரு நிலைதான்.

ஏன் விட்டார்கள்? சோதிப்பதில் தடையில்லை, அட்டையை ஒட்டினால் போதும், செலவும் மிகக் குறைவு. சிக்கல், பலன் தெரிவதில் இருந்தது. மாஸ்டரின் இரு கைகளும் பாய்லரில் இருக்க, பத்துப் பேர் ஒரே நேரத்தில் போனைக் காட்டுகிறார்கள். பணம் வந்ததா, பழைய படமா என்று அவரால் பார்க்க முடியாது. தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி வந்த பிறகே இந்தச் சந்தேகம் தீர்ந்தது. பக்கத்துக் கடைக்காரரின் காதிலும் அந்தக் குரல் விழுந்தது. விற்பனையாளர் சொல்வதைவிட, அருகில் இருப்பவர் பயன்படுத்துவதே ஒருவரை நம்ப வைக்கிறது. அமெரிக்காவின் அயோவா விவசாயிகள் கலப்பின மக்காச்சோள விதைக்கு மாறியதைப் பற்றி 1943இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது.

இன்னொரு தடை பொருத்தம். பணம் வங்கிக்குப் போகிறது. ஆனால் விடியற்காலையில் பால்காரர் ரொக்கம்தான் கேட்கிறார் என்றால், கடைக்காரர் ஏடிஎம் தேடி அலைய வேண்டும். அப்படிப்பட்ட கடையில் அட்டை மெல்ல பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் போய்விடும். "நெட்வொர்க் இல்லை பாய்" என்ற பதில் அடிக்கடி வரும். கைவிடுதலின் அடையாளம் இதுதான். பால்காரரும் செயலியில் வாங்கத் தொடங்கினால், அட்டை தானாக முன்னுக்கு வரும்.

ரோஜர்ஸ் கடைசியாக ஏற்கும் 16 விழுக்காட்டினரைப் பின்தங்கியவர்கள் என்றார். இந்தப் பெயர், குறையைக் கடைக்காரர் தலையில் சுமத்திவிடும் ஆபத்து உண்டு; இத்தகைய சாய்வு பற்றி அவரே பின்னர் எச்சரித்தார். ஆகவே வாப்பாவோ மாமாவோ இன்னும் அட்டை வைக்கவில்லை என்றால், "காலத்துக்கேற்ப மாறுங்கள்" என்று சொல்வதற்கு முன், மேற்சொன்ன ஐந்தில் எது அவருடைய கடையில் இடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.