சுவருக்குப் பின்னால் நின்றும் சாவது ஏன்?

போனில் பப்ஜி விளையாடுகிற எங்கள் எல்லாருக்கும் இந்தச் சண்டை தெரியும். ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால ஒளிஞ்சாச்சு, அதுக்குப் பிறகுதான் செத்துப்போறம். "மச்சான், அவன் ஹக் போட்டிருக்கிறான்" எண்டு ஒருத்தன் கத்துவான். சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவரும் களவு செய்யாமலே இது நடக்கும். அந்தக் கதை தொடங்கியது போனில் அல்ல, தொலைபேசி வயரில் மொடம் பூட்டி விளையாடிய 1996இல்.

அந்த வருசம் ஜூனில் 'குவேக்' வெளிவந்தது. அதில் விளையாடுபவரின் கணினி ஒரு வெறும் திரை மாதிரி. முன்னால் போகும் பொத்தானை அமத்தினால் அந்தச் செய்தி சேர்வருக்குப் போகும், சேர்வர் ஆளை நகர்த்தும், பதில் திரும்பி வந்த பிறகுதான் திரையில் கால் அசையும். பக்கத்து அறைக் கணினியோடு விளையாட இது போதும். மொடத்தில் விளையாடியவர்களுக்கோ சேற்றில் நடப்பது போல இருந்தது. அதை எழுதிய ஜோன் கார்மக்கின் வீட்டில் வேகமான தனி இணைப்பு இருந்தது. மொடம் வாழ்க்கை தனக்குப் பழக்கமில்லை, தன் கணக்குப் பிழைத்துவிட்டது என்று 1996 ஓகஸ்டில் அவரே வெளிப்படையாக எழுதினார். கூடவே தீர்வையும் சொன்னார்: சேர்வரின் பதிலுக்குக் காத்திராமல், விளையாடுபவரின் கணினியே விளைவை ஊகிக்கட்டும். அது அந்த வருசக் கடைசியில் 'குவேக்வேர்ல்ட்' என்று வந்தது.

ஊகம் என்றாலும் குருட்டு ஊகம் இல்லை. சேர்வரில் இருக்கிற அதே நடை விதிகள் எங்கள் போனிலும் ஓடும். போய்த் திரும்ப 120 மில்லிசெக்கன் எடுக்கிறது, போன் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது என்று வைப்பம். அப்போ எந்த நேரமும் ஆறு கட்டளைகள் பதில் வராமல் வழியில் கிடக்கும். "50ஆவது கட்டளை வரைக்கும் பார்த்தேன், நீ இந்த இடத்தில் நிற்கிறாய்" என்று சேர்வர் சொன்னதும், போன் ஆளை அங்கே வைத்து, 51இலிருந்து 56 வரையான கட்டளைகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். ஊகித்த இடமே வந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இடையில் யாராவது எங்களை இடித்திருந்தால் இடம் மாறும், ஆள் ரப்பர் மாதிரிப் பின்னுக்கு இழுபடுவான்.

எங்கள் விரல் என்ன செய்தது என்று எங்கள் போனுக்குத் தெரியும். எதிரியின் விரலை அது எப்படி ஊகிக்கும்? அதனால் எதிரிகளை எப்போதும் கொஞ்சம் பழைய நேரத்தில்தான் காட்டுகிறது. செய்திகள் தாறுமாறாக வந்தாலும் எதிரி துள்ளாமல் நகர வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே இன்னும் 100 மில்லிசெக்கன் பிந்திக் காட்டும் விளையாட்டுகள் உண்டு. ஆகவே நாங்கள் குறிவைக்கிற எதிரி உண்மையில் அந்த இடத்தில் இல்லை. குவேக்வேர்ல்ட் காலத்தில் ஆட்கள் ஓடுபவனுக்கு முன்னால் வெறும் வெளியில் சுட்டுப் பழகினார்கள்.

குவேக்கின் நிரலிலிருந்து வளர்ந்ததுதான் 'ஹாஃப்-லைஃப்'. அதில் வேலை செய்த யான் பேர்னியர் இதற்கான மாற்றை 2001இல் ஒரு கட்டுரையாக விளக்கினார். சேர்வர் எல்லாருடைய பழைய இடங்களையும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். சூடு வந்து சேர்ந்ததும் காலத்தைப் பின்னுக்குச் சுற்றி, சுட்டவன் பார்த்த அந்தக் கணத்தில் எதிரி எங்கே நின்றான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்.

இப்ப அந்தச் சுவருக்கு வருவம். சுட்டவனுடைய போய்த் திரும்பும் நேரம் 120, காட்சித் தாமதம் 100. சேர்வர் 220 மில்லிசெக்கன் பின்னுக்குப் போகிறது. நாங்கள் செக்கனுக்கு 6 மீற்றர் ஓடினால், அந்த நேரத்தில் 1.3 மீற்றர் கடந்திருப்போம். சுவருக்குள் மறைய அது தாராளம். தீர்ப்பு எங்கள் போனுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் போகும், அதற்குள் இன்னும் உள்ளே ஓடியிருப்போம். சுட்டவன் கண்ணுக்கு நாங்கள் வெளியில்தான் நின்றோம். அவனும் பொய் சொல்லவில்லை, நாங்களும் இல்லை. தாமதம் அழியவில்லை, சுட்டவனிடமிருந்து செத்தவனுக்குக் கைமாறியிருக்கிறது. பேர்னியர் இதை மறைக்கவில்லை. குறிவைத்தவனுக்கு ஏமாற்றம் வருவதைவிட இது பரவாயில்லை என்று தெரிந்தே தேர்ந்தார்கள்.

போனில் சிக்கல் கூடுகிறது. சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர், கண்ணாடி இழையில் போய்த் திரும்ப ஒளிக்குக் குறைந்தது 27 மில்லிசெக்கன் வேண்டும். அதை ஒருவராலும் குறைக்க ஏலாது. ஆனால் அது ஒரே அளவாக இருக்கும், அதனால் சமாளிக்கலாம். சிக்னலோ வைஃபையோ தடுமாறும்போது ஒரு செய்தி 60இல் வரும், அடுத்தது 180இல் வரும். எதிரியைச் சீராகக் காட்டக் காட்சித் தாமதத்தைக் கூட்ட வேண்டும், அப்போ பின்னுக்குச் சுற்றும் தூரமும் கூடும். அதனால் சேர்வர்கள் ஒரு எல்லை வைக்கின்றன. எல்லைக்கு அப்பால் வந்த சூடு, சுட்டவன் திரையில் இரத்தம் தெறித்தாலும் செல்லாது. இரத்தம் அவன் போனின் ஊகம், உயிர்க்கணக்கு சேர்வருடையது.

ஆகவே அடுத்த முறை கத்த முதல் பாருங்கோ. எங்கள் ஆளே பின்னுக்கு இழுபட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எங்கள் இணைப்பை. சுவருக்குப் பின்னால் செத்தால் சுட்டவனின் பிங் கூடவாக இருந்திருக்கலாம். இரத்தம் தெறித்தும் எதிரிக்கு உயிர் குறையாவிட்டால், எங்கள் சூடு பிந்திப் போயிருக்கும்.