அவசரம்

வாலாஜாபாத் பக்கத்து ஆலை ஒன்றில் நடந்ததாக நண்பர் சொன்னது இது. தெலுங்கு பேசும் சித்தூர்க்காரத் தொழிலாளி, "அண்ணா, பேரிங்குக்கு கிரீஸ் வைக்கவா?" என்று கேட்டிருக்கிறார். "அவசரமில்லை தம்பி" என்றார் தமிழ் ஃபிட்டர். பிறகு வைக்கலாம் என்பது அவர் நினைப்பு. வைக்கவே வேண்டாம் என்று தம்பி புரிந்துகொண்டார். சாயங்காலம் பேரிங் சூடேறிக் கீச்சிட்டு, மிஷின் நின்றுவிட்டது. இருவரும் அந்தச் சொல்லை அவரவர் மொழிப்படி சரியாகவே எடுத்துக்கொண்டார்கள். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. பரபரப்புக்கு அவர்கள் சொல்வது 'தொந்தர'. நம் காதில் அது தொந்தரவாக விழும். வடமொழியில் 'அவஸர' என்பது தக்க தருணம், வாய்ப்பு. மலையாளமும் இந்தியும் அந்தப் பொருளை அப்படியே வைத்திருக்கின்றன. தமிழிலும் பழைய பொருள் முற்றிலும் போய்விடவில்லை: ஸ்ரீரங்கம் கோயிலில் பெருமாளுக்கு அமுது படைக்கும் வேளைக்கு 'பெரிய அவசரம்' என்று பெயர். அங்கே பதற்றம் ஏதுமில்லை, உரிய வேளை மட்டுமே உண்டு. வேளை தவறக்கூடாது என்ற எண்ணம் முற்றி, நம் பேச்சில் அது வேகமாகிவிட்டது. தெலுங்கிலோ, அந்த வேளைக்கு வேண்டியது என்ற எண்ணம் முற்றித் தேவையாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் 'அவசர'த்துக்கு 'விரைவு' ஈடாகாது. அது வேகத்தை மட்டும் சொல்லும், காத்திருக்க முடியாத நிலையைச் சொல்லாது. 'உடனடி' நெருங்கி வருகிறது. ஆனால் பல மொழிக்காரர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் 'உடனே வை', 'மதியம் வை', 'வேண்டாம்' என்று பிரித்துச் சொல்வதே பிழையில்லாத தமிழ்.